தொடர்மொத்தம் தப்பாக ஓடுகிறதா? வீட்டுச் செலவு ஷீட்டில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மளிகைக் கடைக் கணக்கு நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முன்பக்கத்துத் தொகையைக் கொண்டுவந்து எழுதுவார்கள். ஷீட்டில் தொடர்மொத்தம் என்பதும் அதே வேலைதான், பக்கத்துக்குப் பக்கம் செய்வதை வரிக்கு வரி செய்கிறோம். வித்தியாசம் என்னவென்றால், நோட்டில் கூட்டல் பிசகினால் எழுதியவருக்கே உறுத்தும். ஷீட் பிசகினால் சத்தமே போடாது, அழகான ஒரு தப்பு எண்ணைக் காட்டிவிட்டு நிற்கும். அதனால் செலவு எங்கே எகிறியது என்று தேடுவதற்கு முன், அந்த நெடுவரிசை உண்மை சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான்: முதலில் கூட்டல் கோளாறுகள், பிறகு தேதிக் கோளாறுகள், கடைசியாக எகிறிய இடம்.

ஷீட்டின் பெயர் ‘செலவு’ என்று வைத்துக்கொள்வோம். A-யில் தேதி, B-யில் விவரம், C-யில் வகை, D-யில் தொகை, E-யில் தொடர்மொத்தம். முதல் வரி தலைப்பு, இரண்டாம் வரியிலிருந்து கணக்கு. சூத்திரங்கள் எல்லாம் கூகுள் ஷீட்ஸ், எக்செல் இரண்டிலும் ஒன்றுதான்.

அறிகுறி: E-யின் முதல் கட்டத்திலேயே #VALUE!

பெரும்பாலும் `=E1+D2` என்று எழுதியிருப்பீர்கள். E1-இல் இருப்பது ‘தொடர்மொத்தம்’ என்ற தலைப்பு. எழுத்தோடு எண்ணைக் கூட்டச் சொன்னால் ஷீட் மறுக்கிறது. அதைத் தவிர்க்கப் பலர் முதல் வரிக்கு மட்டும் `=D2` என்றும் மற்றவற்றுக்கு `=E2+D3` என்றும் எழுதுவார்கள். ஓடும். ஆனால் தேதிவாரியாக ஒருமுறை அடுக்கினால் போதும், தனியாக எழுதிய அந்த முதல் சூத்திரம் நடுவில் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டு, மொத்தத்தை அங்கிருந்து புதிதாக ஆரம்பித்துவிடும்.

எல்லா வரிக்கும் ஒரே சூத்திரம் இருப்பதுதான் நல்லது:

```
=IF(D2="","",SUM(D$1:D2))
```

இதை E2-இல் போட்டுக் கீழே இழுங்கள். `D$1` என்பதில் டாலர் குறி 1-க்கு முன்னால் இருப்பதால் தொடக்கம் நகராது. முடிவு மட்டும் D2, D3, D4 என்று இறங்கும். தலைப்பு வரியிலிருந்து ஏன் ஆரம்பிக்கிறோம்? SUM எழுத்தைக் கண்டுகொள்ளாது, அதனால் தலைப்பால் தொந்தரவு இல்லை. `D$2` என்று ஆரம்பித்திருந்தால், தலைப்புக்குக் கீழே புதிதாக ஒரு வரி செருகும்போது அது `D$3` ஆகிவிடும், புதுத் தொகை கணக்கில் சேராது. முன்னால் உள்ள IF, இன்னும் எழுதாத வரிகளில் கடைசி மொத்தமே அடிவரை திரும்பத் திரும்ப வராமல் தடுக்கிறது.

அறிகுறி: புதுச் செலவு எழுதிய பிறகு மொத்தம் குறைகிறது

விட்டுப்போன செலவை நடுவில் வரி செருகி எழுதும்போது இது வரும். `=E5+D6` மாதிரி சங்கிலிச் சூத்திரத்தில்தான் இந்த வம்பு. ஐந்தாம் வரியில் மொத்தம் 9,200, ஆறாம் வரியில் 150 ரூபாய் காய்கறி என்று கொள்ளுங்கள். இடையில் ஒரு வரி செருகி, மறந்துபோன 600 ரூபாய் மருந்துச் செலவை எழுதுகிறீர்கள். காய்கறி ஏழாம் வரிக்கு இறங்கிவிட்டது. புது ஆறாம் வரியில் மேலிருந்து சூத்திரத்தை இழுத்தால் 9,800 வருகிறது, சரி. ஆனால் அடுத்த வரியில் 9,350!

ஏழாம் வரியைத் தொட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். அங்கே சூத்திரம் `=E5+D7` என்று நிற்கிறது. வரி கீழே போனாலும் அது ஐந்தாம் வரியைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, செருகிய வரியைத் தாண்டிப் போகிறது. அந்த 600 ஒரே ஒரு வரியில் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். அதற்குப் பிறகு மாதக் கடைசி வரை எல்லா எண்ணும் 600 குறைவு.

`SUM(D$1:…)` சூத்திரத்துக்கு மாறினால் இது வராது. செருகிய வரியில் E காலியாக இருக்கலாம், கீழே உள்ள மொத்தங்கள் சரியாகவே இருக்கும். வரியை நீக்கினாலும் அப்படித்தான். சங்கிலியில் ஒரு வரியை நீக்கினால் `#REF!` வந்து அதற்குக் கீழே எல்லாம் நாசமாகும். இதில் மொத்தம் தானே சரிசெய்துகொள்ளும்.

அறிகுறி: தொகை இருக்கிறது, மொத்தம் அசையவில்லை

தொடர்மொத்தத்தை மேலிருந்து கீழே பாருங்கள். ஒரு வரியில் D-யில் 1,250 இருக்க, E-யில் முந்தைய வரியின் எண்ணே மறுபடி வந்தால், அந்த 1,250 எண் அல்ல, எழுத்து. SUM அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டது. எண் தானாக வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். அதுவே முதல் துப்பு, நடுவில் வைக்கச் சொல்லி நீங்களே வடிவமைத்திருந்தால் அந்தத் துப்பும் போச்சு.

எழுத்தாக ஆவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. பழக்கதோஷத்தில் `450/-` என்றோ `ரூ.450` என்றோ எழுதுவது முதலாவது. வங்கி அறிக்கையிலிருந்து ஒட்டும்போது தொகைக்குப் பின்னால் `Dr` ஒட்டிக்கொண்டு வருவது இரண்டாவது. மூன்றாவதுதான் ரொம்பத் தொல்லை: இணையப் பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது வரும் பிரியா இடைவெளி. பார்த்தால் சாதாரண இடைவெளி மாதிரியே இருக்கும், TRIM போட்டாலும் போகாது.

எத்தனை வரி இப்படி மாட்டியிருக்கிறது என்று அறிய, ஓரமாக ஒரு கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=COUNTA(D2:D999)-COUNT(D2:D999)
```

COUNTA எழுதப்பட்ட எல்லாக் கட்டங்களையும் எண்ணும், COUNT எண்களை மட்டும். விடை 0 இல்லாவிட்டால் அத்தனை தொகைகள் மொத்தத்தில் சேரவில்லை. எங்கே என்று தெரிய, D2:D999-ஐத் தேர்ந்து நிபந்தனை வடிவமைப்பில் `=ISTEXT(D2)` என்று கொடுத்து ஒரு நிறம் பூசுங்கள். `/-`, `ரூ.`, `Dr` போன்றவற்றைத் தேடி மாற்றும் வசதியில் வெற்றிடமாக மாற்றிவிடலாம். பிரியா இடைவெளிக்குப் பக்கத்துக் காலிக் கட்டத்தில்:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(D5,UNICHAR(160),""),",","")))
```

வந்த எண்ணை நகலெடுத்து, மதிப்பு மட்டும் ஒட்டும் முறையில் D-யின் மேலேயே ஒட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கடைசி வரியின் E-யையும் `=SUM(D2:D999)`-ஐயும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ‘இரண்டும் ஒன்று, கணக்கு சரி’ என்று இருந்துவிடாதீர்கள். இரண்டுமே SUM. எழுத்தாக நிற்கும் தொகையை இரண்டுமே ஒன்றுபோலத் தாண்டும். மேலே சொன்ன எண்ணிக்கைக் கட்டம்தான் இதற்குக் காவல்.

அறிகுறி: மாதம் மாறியும் மொத்தம் தொடர்கிறது, அல்லது 13-ஆம் தேதியிலிருந்து பிழை

ஒவ்வொரு மாதமும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டுமென்றால் F-இல் இன்னொரு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள்:

```
=IF(D2="","",SUMIFS(D$1:D2,A$1:A2,">"&EOMONTH(A2,-1),A$1:A2,"<="&EOMONTH(A2,0)))
```

`EOMONTH(A2,-1)` என்பது போன மாதத்தின் கடைசி நாள். அதற்குப் பிறகும், இந்த மாதக் கடைசிக்குள்ளும் உள்ள தொகைகளை மட்டும் கூட்டுகிறது. ஒரே நாளில் நான்கு செலவு இருந்தால் முதல் வரியில் மட்டும் தேதி எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விடும் வழக்கம் நோட்டுக்குச் சரி, இங்கே சரிப்படாது. தேதி இல்லாத வரி எந்த மாதத்திலும் சேராது. எல்லா வரியிலும் தேதி வேண்டும்.

12-ஆம் தேதி வரை ஒழுங்காகப் போய், 13-லிருந்து F-இல் `#VALUE!` வந்தால் ஷீட் அமெரிக்க வழக்கத்தில் தேதி படிக்கிறது என்று அர்த்தம். அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. 13/08/2025 என்பதை ‘13-ஆம் மாதமா?’ என்று குழம்பி எழுத்தாக வைத்துக்கொள்கிறது. பிழை காட்டும் வரிகளாவது கண்ணில் படும். ஆபத்து பிழை காட்டாத வரிகளில்தான்: 05/08/2025 என்று நீங்கள் எழுதியது மே 8 ஆகப் பதிவாகி, ஆகஸ்ட் மளிகைச் செலவு மே மாதத்துக்குப் போயிருக்கும்.

கூகுள் ஷீட்ஸில் `File > Settings > Locale` போய் இந்தியா என்று மாற்றுங்கள். எக்செலில் இது கணினியின் வட்டார அமைப்பிலிருந்து வருகிறது. ஆனால் இந்த மாற்றம் இனி எழுதும் தேதிகளுக்குத்தான். ஏற்கெனவே தலைகீழாகப் பதிவானவை அப்படியே இருக்கும். அந்த வரிகளுக்கு மட்டும், பக்கத்துக் கட்டத்தில் இதைப் போட்டு, மதிப்பாக நகலெடுத்து A-யில் ஒட்டுங்கள்:

```
=IF(ISNUMBER(A2),DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

இரண்டாம் பாதி, தேதி 13/08/2025 என்ற வடிவில் இரண்டிரண்டு இலக்கமாக இருந்தால்தான் வேலை செய்யும். சரியாக இருந்த தேதிமேல் இதைப் போட்டால் அதுவும் தலைகீழாகும். வரியைப் பார்த்துப் போடுங்கள்.

அறிகுறி: மொத்தம் சரிதான், ஆனால் எங்கே எகிறியது என்று தெரியவில்லை

தொடர்மொத்தத்தை மட்டும் உற்றுப்பார்த்தால் எதுவும் தெரியாது. அது எப்போதும் ஏறிக்கொண்டேதான் போகும், வாடகை கொடுத்த நாளில் பெரிதாக ஏறும், அது இயல்பு. பெரிய தொகைகளுக்கு நிறம் பூசிப் பார்த்தாலும் வாடகையும் பள்ளிக் கட்டணமும்தான் மின்னும், அவை முன்பே தெரிந்தவை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: போன மாதம் இதே தேதியில் எவ்வளவு செலவாகியிருந்தது? இரண்டு மாதத் தொடர்மொத்தங்களின் இடைவெளி எந்த நாளில் அகன்றதோ, அங்கேதான் எகிறியிருக்கிறது.

‘ஒப்பீடு’ என்று இன்னொரு ஷீட் திறங்கள். A2 முதல் A32 வரை 1 முதல் 31. B1-இல் முந்தைய மாதத்தின் முதல் தேதி, C1-இல் இந்த மாதத்தின் முதல் தேதி. B2-இல்:

```
=SUMIFS('செலவு'!$D$2:$D$999,'செலவு'!$A$2:$A$999,">="&B$1,'செலவு'!$A$2:$A$999,"<="&MIN(B$1+$A2-1,EOMONTH(B$1,0)))
```

இதை C-க்கும், இரண்டையும் 32-ஆம் வரி வரைக்கும் இழுங்கள். MIN இல்லாவிட்டால் 30 நாள் மாதத்தின் 31-ஆம் தேதிக்கான வரியில் அடுத்த மாதம் முதல் தேதிச் செலவு (வாடகை கொடுக்கும் நாளாயிற்றே) வந்து சேரும். D2-இல் `=C2-B2`. இது இடைவெளி. E2-இல் `=D2`, E3-இல் `=D3-D2` என்று எழுதிக் கீழே இழுங்கள். இது ஒரே நாளில் இடைவெளி எவ்வளவு மாறியது என்பது. மாதம் பாதியில் இருக்கும்போது இன்றைய தேதி வரிக்குக் கீழே பார்க்காதீர்கள், செலவே நடக்காத நாட்களை மிச்சம் பிடித்ததாகக் காட்டும்.

ஒரு வீட்டின் ஜூலை, ஆகஸ்ட் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்கு வைத்தவை. இடத்தை மிச்சம் பிடிக்க ஐந்து நாளுக்கு ஒன்றாகத் தருகிறேன்.

| தேதி வரை | ஜூலை | ஆகஸ்ட் | இடைவெளி | மாற்றம் |
|---|---|---|---|---|
| 5 | 16,400 | 16,850 | 450 | 450 |
| 10 | 21,900 | 25,480 | 3,580 | 3,130 |
| 15 | 25,300 | 29,150 | 3,850 | 270 |
| 20 | 28,700 | 32,480 | 3,780 | −70 |
| 25 | 31,200 | 37,610 | 6,410 | 2,630 |
| 31 | 34,600 | 41,150 | 6,550 | 140 |

ஆகஸ்ட் 6,550 ரூபாய் கூடுதல். ஆனால் அது மாதம் முழுக்கப் பரவவில்லை, இரண்டே இடத்தில்தான் குதித்திருக்கிறது.

முதல் குதிப்பு 6 முதல் 10 தேதிக்குள். ‘செலவு’ ஷீட்டில் அந்த நாட்களைப் பார்த்தால் 8-ஆம் தேதி கரண்ட் பில் 2,640. தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஜூலையில் இந்த வீட்டுக்குப் பில் இல்லை. ஆக ஜூலையோடு ஒப்பிட்டது நியாயமில்லை. B1-இல் ஜூன் முதல் தேதியைப் போட்டுப் பாருங்கள்: ஜூனில் பில் 2,310. உண்மையான ஏற்றம் 330 ரூபாய்தான். கேஸ் சிலிண்டர், இன்ஷூரன்ஸ் தவணை, பள்ளிப் பருவக் கட்டணம் எல்லாவற்றுக்கும் இதே விதி. எந்த இடைவெளியில் வருமோ அந்த மாதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது குதிப்பு 21 முதல் 25 வரை. ஜூலையில் இந்த ஐந்து நாளுக்கு 2,500 ரூபாய், ஆகஸ்டில் 5,130. வரிகளைப் பார்த்தால் 21-ஆம் தேதி பெட்ரோல் 1,000, 22-ஆம் தேதியும் பெட்ரோல் 1,000. முதலாவது பங்க்கில் நின்றபோது கையால் எழுதியது, மற்றது வங்கி அறிக்கையிலிருந்து ஒட்டியது. ஒரே செலவு. அதை நீக்கினால் 4,130. அதில் ஃபோன் செயலி வழியாக வாங்கிய சாப்பாடு நான்கு முறை: 365, 410, 390, 420. சேர்த்து 1,585. மீதி 2,545, ஜூலைக்குக் கிட்டத்தட்ட சமம். தனித்தனியாகப் பார்த்தால் இந்த நான்கில் ஒன்றுகூடப் பெரிய செலவாகக் கண்ணில் படாது. இடைவெளி நெடுவரிசைதான் காட்டிக்கொடுத்தது.

அறிகுறி: இடைவெளி ஒரு நாள் எகிறி, சில நாளில் பழையபடி இறங்குகிறது

மூன்றாம் தேதி +3,000, ஏழாம் தேதி −3,000 என்று வந்தால் செலவு கூடவில்லை, தேதி மாறியிருக்கிறது. போன மாதம் 7-ஆம் தேதி வாங்கிய மளிகையை இந்த மாதம் 3-ஆம் தேதியே வாங்கியிருப்பீர்கள். எகிறிய இடைவெளி அப்படியே நின்றால்தான் அது கூடுதல் செலவு. மேலே உள்ள அட்டவணையில் 10-ஆம் தேதிக்குப் பிறகு 3,580, 3,850, 3,780 என்று மட்டம் இறங்காமலே போவதைக் கவனியுங்கள்.

அறிகுறி: இருமுறை எழுதியதுபோல் சந்தேகம்

பெட்ரோல் மாதிரி இரட்டைப் பதிவைப் பிடிக்க, A2:D999-க்கு நிபந்தனை வடிவமைப்பில்:

```
=AND($D2>=200,COUNTIFS($D$2:$D$999,$D2,$A$2:$A$999,">="&$A2-2,$A$2:$A$999,"<="&$A2+2)>1)
```

இரண்டு நாள் முன்பின் அதே தொகை இன்னொரு முறை இருந்தால் நிறம் மாறும். 200 என்ற வரம்பு இல்லாவிட்டால் தினசரிப் பால் பாக்கெட் எல்லா வரியிலும் நிறம் ஏறி ஷீட் ஹோலிப் பண்டிகை ஆகிவிடும்.

தொகை ஒன்றாக இல்லாத இரட்டைப் பதிவுகளை இந்தச் சூத்திரம் பிடிக்காது. கிரெடிட் கார்டில் வாங்கிய பொருட்களைத் தனித்தனியாக எழுதிவிட்டு, கார்டு பில் கட்டியதையும் செலவாக எழுதுவது ஒன்று. ஏடிஎம்மில் 5,000 எடுத்ததை எழுதிவிட்டு, அந்தப் பணத்தில் செய்த செலவுகளையும் எழுதுவது இன்னொன்று. இரண்டுமே பணம் இடம் மாறியதுதான், செலவு அல்ல. அந்த வரிகளை நீக்க மனமில்லாவிட்டால் தொகையை D-யிலிருந்து எடுத்து G-யில் குறிப்பாக வையுங்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வந்தால் கழித்தல் குறியோடு D-யிலேயே எழுதலாம், அந்த வரியில் மொத்தம் இறங்குவது சரியான இறக்கம்.

அறிகுறி: வகையை வடிகட்டினால் மொத்தம் பொருந்தவில்லை

C-யில் ‘வெளிச் சாப்பாடு’ மட்டும் தெரியும்படி வடிகட்டினாலும் E பழைய எண்களையே காட்டும், மறைந்த வரிகளையும் அது கூட்டுகிறது. வகைக்குத் தனியாக ஓடும் மொத்தம் வேண்டுமென்றால் H-இல்:

```
=IF(D2="","",SUMIFS(D$1:D2,C$1:C2,C2))
```

‘வெளிச்சாப்பாடு’, ‘வெளிச் சாப்பாடு’, ‘ஹோட்டல்’ என்று மூன்று விதமாக எழுதியிருந்தால் இது மூன்று வகையாகப் பிரித்துவிடும். C நெடுவரிசைக்குத் தரவுச் சரிபார்ப்பில் ஒரு தேர்வுப் பட்டியல் வைத்து, அதிலிருந்தே எடுக்கும்படி செய்யுங்கள். பட்டியலில் பத்து வகைக்கு மேல் வேண்டாம். ‘இதர’ என்ற வகையின் H மட்டும் மற்றவற்றைவிட வேகமாக ஓட ஆரம்பித்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று வடிகட்டிப் பார்த்து அதிலிருந்து ஒரு வகையைப் பிரித்தெடுங்கள்.